வர்க்கமூலம் எங்கே தொலைந்தது?

தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் வட்டப் பாதையில் பூமியைச் சுற்றுகிறது. அதன் வேகம் என்ன? பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பியல் பாடம் முடிந்த கையோடு எந்த ஆசிரியரும் கேட்கக்கூடிய கேள்விதான். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய அந்த உயரத்தில் சுற்றுவதால் கற்பனைக் கணக்கும் அல்ல. சரியான விடை, வினாடிக்கு 7.67 கிலோமீட்டர்.

ஆனால் இதே கேள்விக்கு வேறு சில விடைகளும் வழக்கமாக வரும். ஒருவர் வினாடிக்கு 5.89 கோடி மீட்டர் என்று எழுதியிருப்பார். இன்னொருவருக்கு வெறும் 2.95 மீட்டர் வந்திருக்கும். மூன்றாமவர் 31.6 கிலோமீட்டர் என்பார், நான்காமவர் 2.43 கிலோமீட்டர் என்பார். நான்கையும் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகலாம். அப்படிச் செய்தால் ஒரு நல்ல தடயத்தை வீணாக்கியவர்களாவோம். இந்த எண்கள் எதுவும் குருட்டாம்போக்கில் வந்தவை அல்ல. எந்த வரியில் கை வழுக்கியது என்பதை ஒவ்வொன்றும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது. இந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்யும் தவறுகள் நூறு விதம் என்று தோன்றும். உண்மையில் நாலைந்து விதம்தான். அந்த நாலைந்தின் அடையாளம் தெரிந்தால் விடைக் குறிப்பைப் புரட்டாமலேயே நம் விடையை நாமே சோதித்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிடுவோம். ஈர்ப்பு மாறிலி G, பூமியின் நிறை M இரண்டையும் பெருக்கி GM என்று ஒரே எண்ணாக வைத்துக்கொள்வது வசதி. விண்வெளிப் பொறியாளர்களின் வழக்கமும் அதுதான். G தனியாகவும் M தனியாகவும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அவற்றின் பெருக்கலையோ செயற்கைக்கோள்களின் ஓட்டத்திலிருந்தே மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். பூமிக்கு GM = 3.986 × 10¹⁴. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. செயற்கைக்கோள் இருப்பது பூமியின் மையத்திலிருந்து 6,371 + 400, அதாவது 6,771 கி.மீ. தூரத்தில். மீட்டரில் சொன்னால் r = 6.771 × 10⁶.

வட்டத்தில் சுற்றும் பொருளை மையத்தை நோக்கி வளைத்துப் பிடிக்க v²/r அளவுக்கு முடுக்கம் வேண்டும். அந்த முடுக்கத்தைத் தருவது ஈர்ப்பு. அதன் அளவு GM/r². இரண்டையும் சமன்படுத்தினால்:

```
v²/r = GM/r²
v²   = GM/r
v    = √(GM/r)
```

மூன்றே வரிகள். வழுக்கும் இடங்கள் இரண்டும் இதற்குள்ளேயே இருக்கின்றன. முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்குப் போகும்போது இடப்பக்கத்து r வலப்பக்கத்து r² உடன் அடிபட்டு, ஒரே ஒரு r மிஞ்ச வேண்டும். அவசரத்தில் அதை அடிக்க மறந்தால் r² அப்படியே தங்கிவிடும். இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது வர்க்கமூலம் எடுக்க வேண்டும். GM/r என்ற எண்ணைக் கணக்கிட்டு முடித்த களைப்பில் அதுவே விடை என்று கோடு போட்டுவிடுவதும் உண்டு.

இப்போது எண்களைப் பார்ப்போம். நம் செயற்கைக்கோளுக்கு GM/r² என்பது 8.7. GM/r என்பது 5.89 × 10⁷. √(GM/r) என்பது 7,673. மூன்றுக்கும் உருவம் ஒன்றுபோல இருந்தாலும் பொருள் வேறு. முதலாவது முடுக்கம், அதன் அலகு மீட்டர்/வினாடி². இரண்டாவது ஒரு கிலோகிராமுக்கான ஆற்றலின் அளவு, அதன் அலகு மீட்டர்²/வினாடி². மூன்றாவதுதான் வேகம். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டாவது எண்ணை வேகம் என்று சொல்லக் கை வராது, ஏனென்றால் மீட்டருக்கும் வினாடிக்கும் மேலே இரண்டு என்ற அடுக்கு உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டை இறக்கும் வேலையைத்தான் வர்க்கமூலம் செய்கிறது.

(இந்த 8.7 என்ற எண்ணை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தரையில் உள்ள ஈர்ப்பில் இது ஏறத்தாழ 88 சதவீதம். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்து அங்கே ஈர்ப்பே இல்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.)

சரி, தவறான விடைகளுக்கு வருவோம். 5.89 கோடி என்று எழுதியவர் வர்க்கமூலத்தைத் தொலைத்தவர். ஒளியின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் செயற்கைக்கோளை ஓட்டிவிட்டார். அந்த வேகத்தில் போனால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க ஒரு வினாடிகூட ஆகாது.

2.95 மீட்டர் என்று எழுதியவர் வர்க்கமூலத்தைச் சரியாக எடுத்தார், ஆனால் r² ஐ அடிக்க மறந்துவிட்டார். அதாவது √8.7. இது நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம். ஒரு சுற்று முடிய ஐந்தரை மாதம் ஆகும். இரண்டு தவறையும் சேர்த்துச் செய்தவருக்கு 8.7 என்றே வந்திருக்கும். தரைக்கு ஒட்டிய பாதை என்று கேள்வி கேட்டிருந்தால் இந்த இரண்டு எண்களும் 3.13, 9.8 என்று மாறியிருக்கும். வேகம் கேட்ட இடத்தில் 9.8 வந்து நின்றால், நாம் கண்டுபிடித்தது g ஐத்தான் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. 3.13 அவ்வளவு பிரபலமில்லை. ஆனால் அது √9.8. பை என்ற எண்ணின் பக்கத்து வீட்டுக்காரர் போலத் தோன்றும், ஏமாந்துவிடக் கூடாது.

31.6 கிலோமீட்டர் என்றவரின் தவறு வேறு. அவர் சூத்திரத்தில் ஒரு எழுத்தும் பிசகவில்லை. r என்ற இடத்தில் மையத்திலிருந்து உள்ள தூரத்தைப் போடாமல், கேள்வியில் கண்ணில் பட்ட 400 கிலோமீட்டரையே போட்டுவிட்டார். இன்னொருவர் 6,771 ஐச் சரியாகக் கண்டுபிடித்தும் மீட்டராக மாற்ற மறந்தால் 243 கி.மீ. வரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரத்தில் ஆயிரம் மடங்கு தவறு நடந்திருக்கிறது, ஆனால் விடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் தெரியவில்லை. 1000 இன் வர்க்கமூலமான 31.6 மடங்குதான் தெரிகிறது. கிலோமீட்டர், மீட்டர் குழப்பம் என்றால் விடை ஆயிரம் மடங்கு விலகும் என்று எதிர்பார்த்துத் தேடுகிறவருக்கு இது பிடிபடாது. வர்க்கமூலத்துக்குள் நடந்த தவறு எப்போதும் தன் வர்க்கமூல அளவுக்குச் சுருங்கித்தான் வெளியே வரும்.

இதே காரணத்தால்தான் நான்காவது விடை, 2.43 கிலோமீட்டர், எல்லாவற்றிலும் பொல்லாதது. பார்வைக்கு நியாயமான எண். ஒளி வேகமும் இல்லை, சைக்கிள் வேகமும் இல்லை. இங்கே சூத்திரம் சரி, ஆரம் சரி, அலகு சரி. தவறியது பத்தின் அடுக்கில். 5.89 × 10⁷ க்கு வர்க்கமூலம் எடுக்கும்போது 5.89 க்கு 2.43 என்று எடுத்தார். 10⁷ க்கு என்ன செய்வது? ஏழைப் பாதியாக்கினால் மூன்றரை. மூன்றரை அடுக்கு எழுதக் கூச்சப்பட்டு 10³ என்று எழுதிவிட்டார். சிலர் 10⁴ என்று எழுதி 24.3 கி.மீ. என்பார்கள். இரண்டும் சரியான விடையிலிருந்து 3.16 மடங்கு விலகியவை. 3.16 என்பது பத்தின் வர்க்கமூலம். சரியான விடைக்கும் நம் விடைக்கும் மூன்று மடங்குக்குச் சற்று மேலே வித்தியாசம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒற்றைப்படை அடுக்கை.

செய்ய வேண்டியது எளிது. வர்க்கமூலம் எடுக்கும் முன் அடுக்கை இரட்டைப்படை ஆக்கிவிட வேண்டும். 5.89 × 10⁷ ஐ 58.9 × 10⁶ என்று எழுதினால் 58.9 க்கு 7.67, 10⁶ க்கு 10³. மடக்கை அட்டவணையில் போடுகிறவர்களுக்கும் இதே பள்ளம் வேறு உருவத்தில் காத்திருக்கிறது. இந்த எண்ணின் மடக்கை 7.770. முழுவதையும் பாதியாக்கினால் 3.885, அதற்கு எதிர்மடக்கை பார்த்தால் 7,670 க்கு மேலே சில எண்களில் வந்துவிடும். சிலர் புள்ளிக்குப் பின்னால் உள்ள .770 ஐ மட்டும் பாதியாக்கி, முன்னால் உள்ள ஏழைத் தனியே கவனிப்போம் என்று தள்ளிவைப்பார்கள். அங்கேதான் அந்த அரை தொலைகிறது. நீட் போன்ற தேர்வுகளில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பதால் இந்தத் தவறு பழைய காலத்தோடு போய்விடவில்லை.

இதைப் பிடிக்க மிக மலிவான சோதனை, வந்த விடையைத் திரும்ப வர்க்கம் பண்ணிப் பார்ப்பது. 2.43 × 10³ இன் வர்க்கம் 5.9 × 10⁶. நாம் ஆரம்பித்ததோ 5.89 × 10⁷. முன்னால் உள்ள எண் பொருந்துகிறது, அடுக்கு பொருந்தவில்லை. பத்து வினாடி வேலை இது.

அடுத்து, சூத்திரத்தை நம்பாமல் விடையை மட்டும் வைத்துச் சோதிக்கும் வழிகள். பூமியைப் பொறுத்தவரை இரண்டு எண்களை மனப்பாடம் செய்வதில் தவறில்லை: 7.9, 11.2. தரையை ஒட்டிய வட்டப் பாதையின் வேகம் 7.9 கி.மீ.; தரையிலிருந்து விடுபடு வேகம் 11.2 கி.மீ. உயரே போகப் போக இரண்டும் குறையுமே தவிரக் கூடாது. ஆகவே பூமியைச் சுற்றும் எந்த வட்டப் பாதைக்கும் 7.9 ஐத் தாண்டி விடை வரவே முடியாது. 31.6, 24.3, 243 மூன்றும் இந்த வேலியில் முட்டி நின்றுவிடும். விடுபடு வேகத்தையும் மிஞ்சிய வேகத்தில் ஒரு பொருள் பூமியை வட்டமடிக்கிறது என்று சொல்வது தன்னையே மறுக்கும் கூற்று.

இந்த வேலியில் சிக்கும் இன்னொரு நுட்பமான தவறு உண்டு. தரைக்கு √(gR) என்று ஒரு குறுக்குவழிச் சூத்திரம் இருக்கிறது. அதை 400 கி.மீ. உயரத்துக்கும் நீட்டி, r ஐ மட்டும் மாற்றி √(9.8 × r) என்று போடுவார்கள். வரும் விடை 8.15 கி.மீ. சரியான விடைக்குப் பக்கத்தில் இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் 7.9 ஐத் தாண்டிவிட்டதே! உயரம் கூடியதும் வேகம் கூடியிருக்கிறது, நடக்காத காரியம். காரணம், r ஐ மாற்றியவர் g ஐ மாற்றவில்லை. அந்த உயரத்தில் g 9.8 அல்ல, 8.7. தரை மதிப்பான 9.8 ஐயே வைத்துக்கொள்ள விரும்பினால் √(gR²/r) என்று எழுத வேண்டும். இங்கே R² வருவது சரிதான். ஆகவே வர்க்கமூலத்துக்குள் வர்க்கத்தைக் கண்டதும் தவறு என்று முடிவுகட்டுவதும் பிழை. அலகுகளை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2.43 கி.மீ. இந்த வேலிக்குள்ளேயே பதுங்கிவிடும். அதற்கு வேறு வலை வேண்டும். சுற்றுக்காலத்தைக் கணக்கிடுவதே அந்த வலை. பாதையின் சுற்றளவு 2πr, அதாவது சுமார் 42,540 கி.மீ. அதை 7.67 ஆல் வகுத்தால் 5,546 வினாடி, ஏறக்குறைய 92 நிமிடம். விண்வெளி நிலையம் ஒரு நாளில் பதினைந்து பதினாறு தடவை பூமியைச் சுற்றுகிறது என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்தது. 92 நிமிடம் அதோடு ஒத்துப்போகிறது. 2.43 ஆல் வகுத்தாலோ ஐந்து மணி நேரம் வரும், நாளைக்கு ஐந்து சுற்று. மேலும், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களே வினாடிக்கு 3.07 கி.மீ. வேகத்தில் போகின்றன. 400 கி.மீ. உயரத்தில் உள்ளது அவற்றைவிட மெதுவாகப் போக முடியாது. தரையை ஒட்டிய பாதையின் சுற்றுக்காலம் 84 நிமிடம். பூமியைச் சுற்றும் எந்தச் செயற்கைக்கோளுக்கும் அதற்குக் குறைவான சுற்றுக்காலம் வந்தால் கணக்கில் எங்கோ ஓட்டை.

வர்க்கமும் வர்க்கமூலமும் ஏன் இப்படிக் குழம்புகின்றன என்பதை விளக்க நிலாவைவிட நல்ல சான்று இல்லை. நியூட்டன் 1687 இல் வெளியிட்ட தன் நூலில் இதே நிலாவை வைத்துத்தான் ஈர்ப்பு விதியைச் சோதித்தார். பூமியின் மையத்திலிருந்து நிலா ஏறத்தாழ 60 பூமி ஆரத் தூரத்தில் இருக்கிறது. அந்த 60 என்ற ஒரே எண் நான்கு வெவ்வேறு வேடங்களில் வரும். ஈர்ப்பு முடுக்கம் 60 இன் வர்க்கமான 3,600 மடங்கு குறையும். ஒரு கிலோகிராமுக்கான ஆற்றல் வெறும் 60 மடங்கு குறையும். வேகம் 60 இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 7.75 மடங்கு குறையும். சுற்றுக்காலம் அறுபதையும் அதன் வர்க்கமூலத்தையும் பெருக்கிய அளவுக்குக் கூடும். பாதை 60 மடங்கு நீளமாகிவிட்டது, வேகமும் 7.75 மடங்கு குறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் 465.

இப்போது 7.9 ஐ 7.75 ஆல் வகுத்தால் நிலாவின் வேகம் வினாடிக்கு 1.02 கி.மீ. சுற்றுக்காலத்துக்கு 84.3 நிமிடத்தை 465 ஆல் பெருக்கினால் 39,200 நிமிடம், நாளாக்கினால் 27.2. இதைச் சரிபார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், வீட்டில் தொங்கும் பஞ்சாங்கம் போதும். நிலா நாளுக்கொரு நட்சத்திரமாக இருபத்தேழையும் கடந்து தொடங்கிய இடத்துக்கு வர எடுத்துக்கொள்ளும் காலம் 27.3 நாள். (பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு 29.5 நாள் ஆவது, இடையில் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால்.) வர்க்கமூலத்தை மறந்து வேகத்தை 60 மடங்கு குறைத்தவருக்கு, நிலா ஒரு சுற்றுச் சுற்ற 210 நாள் ஆகும். நட்சத்திரம் ஒவ்வொன்றிலும் நிலா ஏறக்குறைய எட்டு நாள் தங்கும். அப்படி ஒரு பஞ்சாங்கத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

விடுபடு வேகத்துக்கு வருவோம். தரையிலிருந்து கிளம்பும் பொருள் திரும்ப விழாமல் இருக்க, அதன் இயக்க ஆற்றல் ½v² குறைந்தது GM/R க்குச் சமமாக இருக்க வேண்டும். அதனால் v = √(2GM/R). சுற்றும் வேகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் வர்க்கமூலத்துக்குள் இருக்கும் அந்த 2 மட்டுமே. ஆகவே ஒரே இடத்தில் விடுபடு வேகத்தைச் சுற்றும் வேகத்தால் வகுத்தால் 1.414 வர வேண்டும். 11.2 ஐ 7.9 ஆல் வகுத்துப் பாருங்கள், பொருந்தும். வகுத்தால் 2 வருகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. 2 ஐ வர்க்கமூலத்துக்கு வெளியே வைத்து 15.8 என்று வந்திருக்கலாம், அல்லது இரண்டு கணக்கிலும் வர்க்கமூலமே எடுக்காமல் விட்டிருக்கலாம்.

இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. இரண்டு கணக்கிலும் r² ஐ அடிக்க மறந்தவருக்கு 4.43, 3.13 என்று வரும். வகுத்தால் அப்பழுக்கில்லாத 1.414! விகிதம் பார்ப்பது அந்த 2 ஐக் காக்குமே தவிர r ஐக் காக்காது. அதற்கு அலகுதான் காவல். இன்னும் மோசமான ஒன்று: ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டு விடுபடு வேகம் கண்டால் 7.9 வரும். விட்டத்தில் இருக்கும் 2 மேலே உள்ள 2 ஐ அடித்துவிடுகிறது. தெரிந்த எண் வந்துவிட்டதே என்று மனம் அமைதியாகிவிடும், கேட்டது எந்த வேகம் என்பதை மறந்து. கோள்களின் அட்டவணைகளில் ஆரத்துக்குப் பதிலாக விட்டம் கொடுத்திருப்பது சாதாரணம். நிலாவுக்கு 3,474 கி.மீ. என்று இருந்தால் அது விட்டம்.

நிலாவின் விடுபடு வேகத்தில் பலரும் விழும் குழி வேறு. நிலாவில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆகவே விடுபடு வேகமும் ஆறில் ஒரு பங்கு, 1.87 கி.மீ. என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் வர்க்கமூலம் வேண்டுமே என்று ஆறுக்கு வர்க்கமூலம் எடுத்து 4.57 என்பார்கள். இரண்டுமே தவறு. அந்த ஆறில் ஒரு பங்கு என்பது GM/R² இன் விகிதம். அதற்குள் ஆரத்தின் வர்க்கம் இருக்கிறது. நமக்கு வேண்டியதோ ஆரம் ஒரே ஒரு தடவை. நிலாவின் நிறை பூமியில் 81 இல் ஒரு பங்கு, ஆரம் 0.273 பங்கு. 1/81 ஐ 0.273 ஆல் வகுத்தால் 0.0452. அதன் வர்க்கமூலம் 0.213. பூமியின் 11.2 ஐ இதனால் பெருக்கினால் 2.38 கி.மீ. இதுதான் சரியான விடை.

இதை உறுதிப்படுத்த நம் கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3 இன் விக்ரம் லேண்டர் இறங்கத் தொடங்கியபோது அதன் கிடைமட்ட வேகம் வினாடிக்கு 1.68 கி.மீ. உயரம் சுமார் 30 கி.மீ. நிலாவின் ஆரமான 1,737 கிலோமீட்டருக்கு முன்னால் 30 கி.மீ. பெரிய உயரமில்லை, ஆகவே அதைத் தரையை ஒட்டிய சுற்றும் வேகம் என்றே எடுத்துக்கொள்ளலாம். 1.68 ஐ 1.414 ஆல் பெருக்கினால் 2.38 வருகிறது. ஆறில் ஒரு பங்குக்காரர் சொன்ன 1.87 சரியாக இருந்திருந்தால், நிலாத் தரையை ஒட்டிச் சுற்றும் வேகம் 1.32 ஆகத்தான் இருந்திருக்கும். அதைவிட வேகமாக வந்த லேண்டரின் பாதையோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகாது.

இவ்வளவு சோதனைகளுக்கும் ஒரு எல்லை உண்டு. இதுவரை பேசியது எல்லாம் வட்டப் பாதை. நீள்வட்டப் பாதையில் வேகம் இடத்துக்கு இடம் மாறும். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான் 3 முதலில் நுழைந்தது வட்டத்தில் அல்ல. பூமிக்கு அருகில் வரும்போது சுமார் 170 கி.மீ., விலகிப் போகும்போது சுமார் 36,500 கி.மீ. உயரம் என்ற நீள்வட்டத்தில். 170 கி.மீ. உயரத்தில் அதன் வேகம் ஏறத்தாழ 10.3 கி.மீ. நான் மேலே போட்ட 7.9 என்ற வேலியை வைத்துப் பார்த்தால் இந்த விடையைத் தவறு என்று அடித்திருப்போம். ஆனால் சரியான விடைதான். நீள்வட்டத்துக்குச் சூத்திரம் இது:

```
v² = GM (2/r − 1/a)
```

இங்கே a என்பது நீள்வட்டத்தின் நெட்டச்சில் பாதி. இந்தச் சூத்திரத்தையும் சரிபார்க்கலாம். வட்டமானால் a யும் r உம் ஒன்று; அடைப்புக்குள் 1/r மிஞ்சி, பழைய சுற்றும் வேகம் கிடைக்கும். a எல்லையில்லாமல் பெரிதானால் 1/a மறைந்து 2/r மட்டும் நிற்கும், அதுதான் விடுபடு வேகம். ஆகவே பூமியைச் சுற்றும் எந்தப் பாதையிலும், மிக அருகில் வரும் புள்ளியில், வேகம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 170 கி.மீ. உயரத்தில் அந்த இரண்டும் 7.8, 11.0. நடுவில் 10.3, சரியாக அமைகிறது. நிலாவும் பூமியின் பிடியில் உள்ளதுதான் என்பதால், அங்கே போய்ச் சேர சந்திரயான் பூமியின் விடுபடு வேகத்தை எட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

படித்ததைக் கையோடு சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. செவ்வாயின் நிறை பூமியில் 0.107 பங்கு, ஆரம் 0.532 பங்கு. அதன் விடுபடு வேகம் என்ன? 2.25 வந்தால் வர்க்கமூலம் எடுக்கவில்லை. 6.9 வந்தால் ஆரத்தை வர்க்கமாக்கிவிட்டீர்கள். 4.2 வந்தால் இரண்டையும் செய்துவிட்டீர்கள். சரியான விடை, வினாடிக்கு 5.0 கிலோமீட்டர்.